ஹெட்லைட் போட்டால் இன்ஜின் சூடாகுமா?

பகலெல்லாம் ஒழுங்காக ஓடிய கார். இருட்டத் தொடங்கி ஹெட்லைட்டைப் போட்டதும், இன்ஜின் வெப்பத்தைக் காட்டும் முள் பாதியிலிருந்து மேலே நகர்கிறது. காற்று ஊதியை இரண்டாம் வேகத்தில் வைத்தால் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. டேஷ்போர்டு விளக்குகள் அழுது வடிகின்றன. இன்டிகேட்டர் போட்டால் அதன் தாளத்துக்கே மீட்டர் விளக்கும் மங்கி மங்கி எரிகிறது. பயந்துபோய் ஓரம் கட்டி ஹெட்லைட்டை அணைத்தால், முள் சட்டென்று பழைய இடத்துக்கே இறங்கிவிடுகிறது.

பத்துப் பதினைந்து வயதான பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். பட்டறைக்குக் கொண்டுபோனால் முதலில் மாறுவது பெரும்பாலும் பேட்டரிதான். குணமாகாது. பிறகு இன்ஜின் சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டை மாற்றுவார்கள். அதன்பின் வெப்ப சென்சார். கடைசியில் மீட்டரையே கழற்றி மேசைமேல் வைப்பார்கள். இத்தனைக்கும் காரணம் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து பாடிக்குப் போகும் ஒரு கறுப்பு வயரின் நுனியில், ஒரு போல்ட்டுக்கு அடியில் இருக்கக்கூடும்.

காரில் மின்சாரம் போவதற்குத்தான் வயர்கள் ஏராளம். திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் தனி வயர் கிடையாது. பாடியின் இரும்புத் தகடே திரும்பும் வழி. ஹெட்லைட், ஹாரன், வைப்பர், பின்விளக்கு, மீட்டர் எல்லாம் தங்கள் மின்சாரத்தைப் பக்கத்திலுள்ள தகட்டில் இறக்கிவிடுகின்றன. அங்கிருந்து ஒரே ஓர் எர்த் கேபிள் வழியாக அது பேட்டரிக்குப் போய்ச் சேர வேண்டும். இன்ஜின் விஷயம் வேறு. அது அதிர்வு தெரியாமல் இருக்க ரப்பர் மவுன்ட்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே இன்ஜினுக்குத் தனியாக ஒரு தடித்த எர்த் கேபிள் வேண்டும். பல சிறிய கார்களில் நெகட்டிவ் முனையிலிருந்தே இரண்டு கேபிள்கள் பிரிகின்றன: தடித்தது கியர்பாக்ஸுக்கோ இன்ஜினுக்கோ போகிறது, மெல்லியது பக்கத்துப் பாடித் தகட்டுக்குப் போகிறது. வேறு சில கார்களில் கேபிள் முதலில் பாடிக்குப் போய், அங்கிருந்து பின்னல் பட்டையாக இன்ஜினுக்கு இன்னொன்று போகும்.

நாம் பார்க்கப்போகும் காரில் முதல் ஏற்பாடு. முன்பக்கம் லேசாக இடிபட்டு டிங்கரிங், பெயின்டிங் முடிந்து வந்த கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிக்கும்போது பாடியில் எர்த் போல்ட் உட்காரும் இடத்திலும் பெயின்ட் படிந்துவிட்டது. கேபிள் நுனியின் வளையத்தை அதன்மேலேயே வைத்து முடுக்கிவிட்டார்கள். போல்ட்டின் மரையில் உரசும் இரும்பு வழியாக ஓரளவு மின்சாரம் போகும். முதல் நாள் எல்லாம் சரியாகவே தெரியும். இரண்டு மழைக்காலம் போனால் அந்த மரையில் துரு பிடிக்கும். கடற்கரை ஊர் என்றால் உப்புக்காற்று இன்னும் சீக்கிரம் வேலையைக் காட்டும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. துருப்பிடித்த அந்த இணைப்பின் தடை வெறும் 0.06 ஓம் என்று கொள்வோம். கேட்டால் ஒன்றுமே இல்லை போலத் தோன்றும் எண். ஹெட்லைட் பல்பு இரண்டும் தலா 55 வாட். பார்க்கிங் விளக்குகள், காற்று ஊதி, மற்ற சில்லறைகள் சேர்ந்தால் பாடி வழியாகத் திரும்பும் மின்னோட்டம் சுமார் 20 ஆம்பியர் ஆகிவிடும். 20-ஐ 0.06-ஆல் பெருக்கினால் 1.2 வோல்ட். ஆல்டர்னேட்டர் (பட்டறைகளில் இன்றும் அது டைனமோதான்) பேட்டரியில் 14.2 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தாலும், விளக்குகளுக்குக் கிடைப்பது 13 வோல்ட் மட்டுமே. மீதி 1.2 வோல்ட் அந்த போல்ட்டில் தொலைகிறது. அதுவும் சும்மா தொலைவதில்லை. 24 வாட் வெப்பமாக மாறி போல்ட்டைச் சூடாக்குகிறது. கால் மணி நேரம் விளக்குகளோடு ஓட்டிவிட்டு, இன்ஜினை நிறுத்தியதும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தால் கையே சொல்லிவிடும்.

இழை பல்புகளுக்கு ஒரு குணம் உண்டு. வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் பல மடங்கு வேகமாகக் குறையும். 14.2-லிருந்து 13-க்கு வந்தால் வோல்ட் பத்தில் ஒரு பங்குகூட முழுதாகக் குறையவில்லை. வெளிச்சமோ ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. டேஷ்போர்டு அழுது வடிவது இதனால்தான். இன்டிகேட்டர் ஒவ்வொரு முறை எரியும்போதும் மேலும் மூன்று நான்கு ஆம்பியர் அதே போல்ட் வழியாகத் திரும்ப வேண்டியிருப்பதால், ஒவ்வொரு முறையும் வெளிச்சம் இன்னும் சற்று விழுகிறது. மீட்டர் விளக்கு இன்டிகேட்டரோடு சேர்ந்து சிமிட்டுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

ஆனால் வண்டி கிளம்புவதில் ஒரு குறையும் இருக்காது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுத்தாலும், அது தடித்த கேபிள் வழியாக நேரே பேட்டரிக்குத் திரும்பிவிடுகிறது; கெட்டுப்போன போல்ட்டின் பக்கமே வருவதில்லை. "செல்ஃப் ஒரே அடியில எடுக்குது, எர்த் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அந்தச் சந்தேகத்தையே தள்ளிவிடுவது இதனால்தான். தவறு அங்கேதான் தொடங்குகிறது. இன்ஜின் எர்த் நன்றாக இருப்பதற்கும் பாடி எர்த் நன்றாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

இனி அந்த முள். பழைய கார்களில் வெப்ப சென்சார் ஒற்றை வயர் கொண்டது. அது இன்ஜினில் திருகப்பட்டிருப்பதால் அதன் எர்த் இன்ஜினே. மீட்டரின் எர்த் பாடியில். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்று நம்பித்தான் முள் அளவு காட்டுகிறது. ஹெட்லைட் போட்டதும் பாடி 1.2 வோல்ட் மேலே போய்விடுகிறது. இன்ஜின் பழைய இடத்திலேயே நிற்கிறது. நீங்கள் நிற்கும் தரை யாருக்கும் தெரியாமல் ஒரு முழம் உயர்ந்துவிட்டால், எதிரே கிணற்றின் ஆழத்தை அளக்கும் கயிறு எப்படித் தவறான கணக்குச் சொல்லுமோ, அதுபோல. சூடு ஏறினால் சென்சாரின் தடை குறைந்து அதிக மின்னோட்டம் போகும். அதைத்தான் மீட்டர் 'சூடு' என்று படிக்கிறது. மட்ட வித்தியாசத்தாலும் மின்னோட்டம் கூடுகிறது. மீட்டருக்கு இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

அந்த முள்ளுக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் முள் இருக்கிறது. அதையும் ஒரு கண் பார்க்க வேண்டும். டேங்கின் மிதவை சென்சார் பாடியில் எர்த் ஆகியிருக்கிறது, மீட்டரும் பாடியில்தான். இரண்டும் சேர்ந்தே உயர்வதால் பெட்ரோல் முள் கிட்டத்தட்ட அசையாது. ஆக, ஹெட்லைட் போட்டதும் வெப்ப முள் மட்டும் ஏறி, பெட்ரோல் முள் சும்மா இருந்தால், பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே தொடர்பு கெட்டிருக்கிறது. இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால் பெரும்பாலும் மீட்டரின் சொந்த எர்த் வயரோ, மீட்டருக்குள் இருக்கும் சிறு வோல்ட் ரெகுலேட்டரோ காரணம். அந்த நிலையில் பேனட்டைத் திறந்து பயனில்லை, டேஷ்போர்டுக்கு அடியில்தான் தேட வேண்டும். ஸ்பேனர் எடுக்காமலே, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி, தேட வேண்டிய இடம் பாதியாகிவிடுகிறது.

ஆனால் சாலையில் நிற்பவருக்கு இதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு: முள் ஏறியிருக்கிறதே, உண்மையிலேயே இன்ஜின் சூடா, இல்லையா? இதற்கு விடை தருவது நேரம். இன்ஜினின் இரும்பும் அலுமினியமும், உள்ளே சுழலும் சில லிட்டர் கூலன்ட்டும் ஒரு நொடியில் பத்து டிகிரி ஏறாது, இறங்கவும் இறங்காது. ஹெட்லைட், காற்று ஊதி இரண்டையும் அணையுங்கள். அந்த நொடியிலேயே முள் கீழே விழுந்தால் நீங்கள் பார்த்தது மின்சாரத்தின் விளையாட்டு. அணைத்தபிறகும் முள் அங்கேயே நின்றால், அல்லது மெதுவாக மேலும் ஏறினால், நம்புங்கள். அது நிஜச் சூடு. ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டியதுதான். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது.

ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும் கணமும் நல்ல சாட்சி. ஃபேன் மோட்டார் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதன் எர்த்தும் பல கார்களில் பாடியில்தான். எர்த் கெட்ட காரில் ஃபேன் 'வுர்ர்' என்று கிளம்பும் அதே நொடியில் முள் மேலே துள்ளும், ஃபேன் நின்றால் கீழே விழும். குளிர்விக்க வந்த ஃபேனே சூடாக்குவதுபோல் காட்டும் இந்த முரண், நிஜமான சூட்டில் ஒருபோதும் நடக்காது.

இந்தக் கோளாறின் உண்மையான ஆபத்து என்ன என்று கேட்டால், விளக்கு மங்குவதையோ பேட்டரிக்குச் செலவழித்த பணத்தையோ நான் சொல்லமாட்டேன். "அந்த முள் அப்படித்தான், நம்ம வண்டிக்கு அது வழக்கம்" என்று ஓட்டுபவர் பழகிப்போவதுதான் ஆபத்து. ஒருநாள் ஹோஸ் வெடித்துக் கூலன்ட் கொட்டும்போதும் அவர் அதே நினைப்பில் ஓட்டிக்கொண்டிருப்பார். சிலிண்டர் ஹெட் வளைந்த பிறகுதான் தெரியும்.

அனுபவமுள்ள ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இதனால்தான் பேனட்டைத் திறக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்பார்: "சார், எதைப் போட்டா இப்படி ஆகுதுன்னு சொல்லுங்க." விளக்கு எப்படி எரிகிறது என்பதைவிட, அது எதோடு சேர்ந்து ஆடுகிறது என்பதே அவருக்கு முக்கியம். சுவிட்சுகளோடு ஆடினால் மின்சாரம். இன்ஜின் வேகத்தோடோ, சூட்டோடோ, வளைவு மேடு பள்ளத்தோடோ ஆடினால் வேறு கதை.

ஏனென்றால், சிமிட்டும் விளக்கெல்லாம் லூஸ் கான்டாக்ட் அல்ல. சிவப்பு ஆயில் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுந்தூரம் ஓடிச் சூடான வண்டி சிக்னலில் நிற்கிறது. ஆயில் விளக்கு மினுக் மினுக் என்கிறது. ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தினால் அணைகிறது. பார்ப்பதற்கு லூஸ் வயர் போலவே இருக்கும். ஆனால் அந்த விளக்கின் சுவிட்ச், ஆயில் அழுத்தம் அரை பாருக்குக் கீழே எங்கோ விழும்போது மூடிக்கொள்வது. சூட்டில் ஆயில் இளகி, இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அழுத்தம் அந்த எல்லையிலேயே ஊசலாடுகிறது; வேகம் கூடினால் அழுத்தம் ஏறுகிறது. வளைவில் திரும்பும்போதோ பிரேக் அடிக்கும்போதோ மட்டும் மின்னினால், ஆயில் அளவு குறைந்து பம்ப்பின் வாய் காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். இரண்டிலும் ஹெட்லைட்டுக்கு ஒரு பங்கும் இல்லை. நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டிய நேரம் அது.

இந்த விளக்கைப் பற்றி இன்னொன்று: எர்த் கெட்டுப்போனால் ஆயில் விளக்கு பொய்யாக எரிவது அரிது. அது எரிய வேண்டுமானால் சுவிட்ச் வழியாக இன்ஜினுக்கு எர்த் கிடைக்க வேண்டும். எர்த் போனால் அது எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் போகவே வாய்ப்பு அதிகம். வயரின் உறை தேய்ந்து செம்பு எங்காவது இரும்பில் பட்டால் பொய்யாக எரியும். அப்படியானால் இன்ஜின் வேகத்துக்கெல்லாம் அசையாமல் ஒரே சீராக எரிந்துகொண்டிருக்கும். எதுவாயினும் சாலையில் வைத்து இதை ஆராயக் கூடாது. சிவப்பு ஆயில் விளக்கு என்றால் முதலில் இன்ஜினை அணைப்பதுதான் வேலை, சந்தேகங்கள் பிறகு.

பிரேக் விளக்கும் இப்படித்தான். திருப்பங்களில் மட்டும் எட்டிப் பார்த்து மறைந்தால், பிரேக் ஆயில் குறைந்து டப்பாவுக்குள் மிதவை ஆடுகிறது. பேட் தேய்ந்திருக்கலாம், எங்காவது கசியலாம். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒரே சீரான தாளத்தில் சிமிட்டுவது கோளாறால் அல்ல. அப்படிச் சிமிட்டும்படியே அது எழுதப்பட்டிருக்கிறது. சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறி, புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் ஆகிறது என்று அது சொல்கிறது. வேகத்தைக் குறைத்து, அருகிலுள்ள பட்டறையைத் தேடுவது நல்லது.

ஏமாற்றுவதில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்குக்கு ஈடு இல்லை. பேட்டரி என்றதும் "எலெக்ட்ரிகல்தானே, வீட்டுக்குப் போய் பார்த்துக்கலாம்" என்று தோன்றும். உண்மையில் அது சார்ஜ் ஏறவில்லை என்கிறது. அதற்கு ஒரு காரணம் டைனமோவைச் சுற்றும் பெல்ட் அறுந்திருப்பது. பல கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுகிறது. எனவே அந்த விளக்கு திடீரென்று பளிச்சென எரிந்து, சில நிமிடங்களில் வெப்ப முள்ளும் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கினால், இரண்டும் ஒரே செய்தி. அதே விளக்கு இன்ஜின் ஓடும்போது பீடி நெருப்புபோல மங்கலாக மட்டும் கனன்று, ஹெட்லைட் போட்டால் சற்றுக் கூடினால் அவசரம் குறைவு. டைனமோவுக்கும் பேட்டரிக்கும் இடையே எங்கோ வோல்ட் தொலைகிறது, அல்லது டைனமோவுக்குள் டயோடு ஒன்று போயிருக்கிறது.

சரி, எர்த்தான் என்று சந்தேகம் வந்துவிட்டது. உறுதிப்படுத்துவது எப்படி? அதற்கு முன் இரண்டு வெட்கக்கேடான சாத்தியங்களை விலக்கிவிடலாம். டேஷ்போர்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு சக்கரம் ஒன்று பல கார்களில் உண்டு. துடைக்கும்போது கைபட்டு அது இறங்கியிருக்கலாம். புதிய கார்கள் சிலவற்றில், இரவில் கண் கூசாமலிருக்க ஹெட்லைட் போட்டதும் திரையின் வெளிச்சம் தானாகவே குறையும். இரண்டும் கோளாறு அல்ல.

எளிய சோதனைக்கு ஒரு ஜம்பர் கேபிள் போதும். இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, கேபிளின் ஒரு கவ்வியைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு கவ்வியைப் பெயின்ட் இல்லாத ஒரு பாடி போல்ட்டிலும் மாட்டுங்கள். பாசிட்டிவ் பக்கம் போகவே கூடாது. ஃபேன், பெல்ட் பக்கம் கேபிள் தொங்கவும் கூடாது. மாட்டிய அந்தக் கணமே விளக்குகள் நிமிர்ந்து, முள் இறங்கினால் வழக்கு முடிந்தது. இன்ஜின் எர்த்மேல் சந்தேகம் என்றால் மறு கவ்வியை இன்ஜினின் உலோகத்தில் மாட்டிச் செல்ஃப் அடித்துப் பார்க்கலாம்.

எந்த இணைப்பு என்று துல்லியமாகப் பிடிக்க மல்டிமீட்டர் வேண்டும். இங்கே பலரும் செய்யும் தவறு, மீட்டரை ஓம் அளவில் வைத்துக் கேபிளின் இரு முனைகளையும் தொடுவது. நூறு இழைகளில் தொண்ணூற்றொன்பது அறுந்து ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் அத்தனை சிறியது. நம் 0.06 ஓமும் அதில் தெரியாது. கேபிளைச் சோதிக்க வேண்டுமானால் அதன்மேல் சுமையை ஏற்றிவிட்டு வோல்ட்டை அளக்க வேண்டும்.

மீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில், அதாவது கவ்விமேல் அல்லாமல் நடுவிலிருக்கும் ஈயத்திலேயே, ஊன்றுங்கள். சிவப்பு முனை பாடியின் சுத்தமான உலோகத்தில். இன்ஜின் ஓடட்டும், ஹை பீம், காற்று ஊதி எல்லாம் ஓடட்டும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் பாடி எர்த் நலம். அரை வோல்ட்டைத் தாண்டினால் நிச்சயம் கோளாறு. நம் எடுத்துக்காட்டுக் காரில் மீட்டர் 1.2 காட்டும். இனி சிவப்பு முனையைப் பாடியிலிருந்து படிப்படியாகப் பேட்டரியை நோக்கி நகர்த்துங்கள்: பாடி, போல்ட்டின் தலை, கேபிள் நுனியின் வளையம், மறுமுனையின் கவ்வி. பாடியில் 1.2, போல்ட் தலைக்கு வந்ததும் 0.04, வளையத்திலும் ஏறக்குறைய அதுவே. பாடிக்கும் போல்ட்டுக்கும் நடுவேதான் கோளாறு உட்கார்ந்திருக்கிறது. மாறாக, கவ்விவரை 1.2 இருந்து ஈயக் கம்பத்தில் மட்டும் பூஜ்யமானால், கவ்வி பேட்டரியில் சரியாகப் பிடிக்கவில்லை. இன்ஜின் எர்த்துக்கும் இதே முறைதான். சிவப்பு முனை இன்ஜினில் இருக்க, இன்னொருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். மின்னோட்டம் பெரியது என்பதால் 0.3 வோல்ட்வரை பொறுத்துக்கொள்ளலாம். அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் பிரிக்க வேண்டியதுதான்.

சரிசெய்வதில் பெரிய வித்தை இல்லை, ஒழுங்கு மட்டும் வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் தொட்டால், ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டதும் பேட்டரி முழுவதும் அந்த ஸ்பேனர் வழியாகப் பாயும். பிறகு எர்த் போல்ட்டைக் கழற்றி, வளையம் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். வளையத்தின் இரு பக்கமும், போல்ட்டின் அடியும் அப்படியே. பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்குங்கள். இறுக்கி முடித்த பிறகுதான் வாசலின் தடவ வேண்டும், அதுவும் ஈரம் புகாமலிருக்க வெளியே மட்டும்.

கேபிளைக் கையில் வளைத்துப் பாருங்கள். நுனிப் பக்கம் விறைத்து, உறைக்குள் பச்சை பூத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. அதே தடிமனில் புதிது போட வேண்டும். கவ்வி முழுக்க இறுகியும் பேட்டரிக் கம்பத்தில் சுழன்றால், கம்பத்தின் அளவு வேறு என்று பொருள். பேட்டரி மாற்றும்போது இது அடிக்கடி நேர்கிறது. சிறு கார் பேட்டரிகளில் மெல்லிய கம்பம் கொண்டவையும் தடித்தவையும் உண்டு. நடுவே ஆணியைச் செருகி இறுக்குவது நம் ஊர்ப் பழக்கம். ஆணி தொடுவது இரண்டு கோடுகளில் மட்டும். ஆறு மாதத்தில் அதே நோய் திரும்பும். இதற்கென்றே ஈயத்தில் செய்த உறைகள் கிடைக்கின்றன.

இன்ஜின் எர்த்தே போய்விட்ட கார்களில் இன்னொரு கூத்து நடக்கும். திரும்ப வழியில்லாத செல்ஃப் மின்னோட்டம் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் போன்ற எஃகு இழைகளின் வழியாகப் பாடிக்குப் போகப் பார்க்கும். உறைக்குள் பிளாஸ்டிக் உருகி, காரணமே இல்லாமல் கிளட்ச் கேபிள் இறுகும். ஓராண்டில் இரண்டு முறை கிளட்ச் கேபிள் மாற்றியவர்கள் எர்த் பட்டையைப் பார்ப்பது நல்லது.

புதிய கார்களில் வெப்ப சென்சாருக்குத் தனி எர்த் வயர் உண்டு. அது நேரே இசியூவுக்குப் போய்விடுவதால் முள் துள்ளும் நாடகம் அங்கே அரிது. அங்கே எர்த் கோளாறு வேறு வேடத்தில் வரும். செல்ஃப் அடிக்கும்போது ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டீயரிங் என்று ஒன்றுக்கொன்று உறவே இல்லாத நான்கைந்து விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும். நான்கு அமைப்புகள் ஒரே நொடியில் பழுதாவது நடக்காத காரியம். நான்குக்கும் பொதுவானது வோல்ட் மட்டுமே. ஸ்கேனரில் P0562 என்று வந்தால் வோல்ட் குறைவு, U0100 என்று வந்தால் இன்ஜின் இசியூவோடு பேச்சு அறுந்தது என்று அர்த்தம். இவற்றோடு எர்த் சோதனையைச் செய்யாமல் விலையுயர்ந்த பாகத்தை மாற்றச் சொன்னால், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லலாம். ஆனால் ஒன்று: காரணம் எர்த்தாகவே இருந்தாலும், அந்த விளக்கு எரியும்வரை ஏபிஎஸ் வேலை செய்யாது, ஸ்டீயரிங் கனக்கலாம். விளக்கு பொய்க் காரணத்தால் எரிந்தாலும் அது சொல்லும் நிலைமை உண்மை.

வேலை முடிந்ததும் இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்துப் பாருங்கள். ஆயில், பேட்டரி விளக்குகள் பளிச்சென்று எரிந்து, இன்ஜின் கிளம்பியதும் அணைய வேண்டும். ஆயில் விளக்கு சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் அதை விட்டுவிட்டு வண்டியை வாங்கி வராதீர்கள். ஒற்றை வயர் சுவிட்ச் உள்ள பழைய கார் என்றால், அந்த வயரைக் கழற்றி இன்ஜினின் உலோகத்தில் தொடச் சொல்லுங்கள். அப்போதும் எரியாவிட்டால் பல்போ வயரோ போயிருக்கிறது. எரிந்தால் பழுது சுவிட்சில், அல்லது அதன் மரையில்: கசிவைத் தடுக்க யாரோ வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றித் திருகியிருப்பார்கள், சுவிட்சுக்கு எர்த் கிடைக்காமல் போயிருக்கும். டேப்பை உரித்துவிட்டு மீண்டும் திருகினால் விளக்கு எரியும்.